வந்தது யார்? தமிழில் பிளவு வாக்கியமும் சொற்களின் நிலையும்

சில ஆண்டுகளுக்கு முன் எட்டாம் வகுப்பு மாணாக்கனொருவன் எழுதிய கட்டுரையிலே, ‘அன்று எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தது என் பெரியப்பா’ என்றொரு வாக்கியம் இருந்தது. யான் ‘வந்தது’ என்பதைச் சிவப்பு மையாற் கோடிட்டு, மேலே ‘வந்தவர்’ என்று எழுதி, ஓரத்தில் ‘திணை வழு’ என்றும் குறித்தேன். பெரியப்பா உயர்திணை, வந்தது அஃறிணை. இதில் ஐயமென்ன என்பது என் எண்ணம். மறுநாள் அவன் கொப்பியுடன் வந்து, மிக்க பணிவோடு, “ஐயா, நேற்று நீங்கள் கரும்பலகையில் ‘இக்கதையிலே பேசுவது யார்?’ என்று எழுதினீர்களே, அதிலும் திணை வழு இருக்கிறதா?” என்று கேட்டான். அப்போது என்னிடம் விடை இருக்கவில்லை. “பிறகு சொல்கிறேன்” என்று அவனை அனுப்பிவிட்டேன். அந்தப் ‘பிறகு’தான் இக்கட்டுரை.

மாணாக்கன் எழுதியதும் பிழையன்று. கரும்பலகையில் யான் எழுதியதும் பிழையன்று. என் சிவப்புக் கோடே பிழை. ஏன் பிழை என்பதை அறிவதற்கு, ஒரே செய்தியைத் தமிழ் எத்தனை வகையாக அமைத்துச் சொல்கிறது என்பதை முதலிற் பார்த்தல் வேண்டும்.

‘கந்தையா நேற்றுச் சந்தையில் மாட்டை விற்றான்’ என்னும் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்று இதனைப் பிரித்துக் காட்ட எந்த மாணாக்கனும் அறிவான். ஆயின், அந்தப் பிரிவு வாக்கியத்தின் உறுப்புக்களைக் காட்டுமேயன்றி, கேட்பவனுக்கு அவற்றுள் எது முன்னரே தெரிந்தது, எது இப்போது புதிதாகத் தெரிவிக்கப்படுவது என்பதைக் காட்டாது. அதனைக் காட்டுவது, வாக்கியம் எந்த வினாவுக்கு விடையாக நிற்கிறது என்பதே. ‘கந்தையா என்ன செய்தான்?’ என்று ஒருவர் கேட்க இதனைச் சொன்னால், கந்தையா தெரிந்த பொருள், மற்றவையெல்லாம் புதியவை. ‘கந்தையா மாட்டை எப்போது விற்றான்?’ என்று கேட்க இதனையே சொன்னால், விற்றமையும் தெரிந்ததே. ‘நேற்று’ என்ற ஒரு சொல் மட்டுமே புதியது. எதனைப் பற்றிப் பேச்செடுக்கிறோமோ அதனைப் பேசுபொருள் என்றும், எந்தச் சொல்லிலே செய்தியின் புதுமை வந்து திரள்கிறதோ அதனைக் குவியம் என்றும் மொழிநூலார் வழங்குவர். பெயர்கள் இன்றைய நூல்களுக்கு உரியன. பொருளோ நம் வீட்டுத் திண்ணைப் பேச்சிலே நாள்தோறும் உள்ளது.

தமிழில் வினை இறுதியில் நிற்பது பொதுவழக்கு. அதற்கு முன்னுள்ள சொற்களை நாம் விரும்பியவாறு மாற்றி வைக்கலாம் என்றும், வேற்றுமை உருபு இருப்பதனாற் பொருள் மாறாது என்றும் மாணாக்கருக்குச் சொல்லிவருகிறோம். யார் விற்றான், எதை விற்றான் என்ற அளவில் அது மெய்யே. ஆயினும், ‘மாட்டைக் கந்தையா விற்றான்’ என்பதும் ‘கந்தையா மாட்டை விற்றான்’ என்பதும் ஒரே இடத்திற் பொருந்தா. முன்னது, மாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் அதனை விற்றவன் யார் என்பதைத் தெரிவிக்கிறது. பின்னது, கந்தையாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கையில் அவன் விற்றது எதை என்பதைத் தெரிவிக்கிறது. வாக்கியத்தின் முதலிடம் பேசுபொருளுக்கும், வினையை ஒட்டிய முன்னிடம் குவியத்துக்கும் உரியன போல அமைந்திருத்தலைக் காணலாம். ‘யார்’, ‘எங்கே’, ‘எப்போது’ முதலிய வினாச்சொற்கள் தமிழிலே வினையை அடுத்து நிற்க விரும்புவதும் இதனாலேயே. ‘மாட்டை யார் விற்றான்?’ என்பது எவ்வளவு இயல்பாக இருக்கிறது! ‘யார் மாட்டை விற்றான்?’ என்பதும் வழங்கும். ஆனால் அங்கே ‘யார்’ என்பதன்மேற் குரலைச் சற்று ஊன்ற வேண்டியிருக்கும்.

பேச்சிற் குரல் உண்டு. ஆகவே சொல் எங்கே நின்றாலும் ஊன்றிச் சொல்லிக் குவியமாக்கிவிடலாம். எழுத்திற் குரல் இல்லை. எழுதுபவன் சொல்லை வைக்கும் இடமே அவன் குரல். மாணாக்கர் கட்டுரைகளிற் பல வாக்கியங்கள் பிழையின்றி இருந்தும் படிப்பவர் மனத்தில் ஒட்டாமற் போவதற்குக் காரணம், அவர்கள் மனத்திலே ஊன்றிச் சொன்ன சொல்லைத் தாளிலே ஊன்றப்படாத இடத்தில் வைத்துவிடுவதே.

வினைக்குப் பின்னே சொல்லை வைத்தால் யாது நிகழும்? ‘விற்றுவிட்டான் கந்தையா’ என்று சொல்லும்போது, கந்தையா என்ற பெயர் குரல் தாழ்ந்து ஒலிக்கிறது. யாரைப் பற்றிய பேச்சென்பது கேட்பவனுக்கு முன்பே தெரியும். மறந்துவிடாதிருத்தற்காகப் பெயரைப் பின்னே சேர்க்கிறோம். (செய்யுளிலும் கதை சொல்லும் நடையிலும் வினை முன்வருதல் வேறு காரணம் பற்றியது, அதனை ஈண்டு விட்டுவிடுவோம்.) இனி, ‘மாட்டை விற்றது கந்தையா’ என்னும் வாக்கியத்தை இதனோடு ஒப்பிடுக. இங்கும் கந்தையா என்ற பெயர் இறுதியிலேதான் நிற்கிறது. ஆயின் இங்கே அது தாழ்ந்து ஒலிக்கவில்லை. வாக்கியத்தின் முழுப் பாரமும் அதன்மேலேயே விழுகிறது. ‘விற்றான்’ என்பது ‘விற்றது’ என மாறியதனாலேயே இறுதியிலுள்ள சொல் மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து மிக உயர்ந்த நிலைக்கு ஏறிவிடுகிறது. இந்த அமைப்பையே பிளவு வாக்கியம் என்கிறோம். ஒரே வாக்கியத்தை இரண்டாகப் பிளந்து, தெரிந்த பகுதியை ஒரு பக்கமும் புதிய பகுதியை மறுபக்கமும் வைத்தலால் இப்பெயர். ஆங்கிலத்திலுள்ள இத்தகைய அமைப்புக்கு இப்பெயரை இட்டவர் டென்மார்க்கு நாட்டு அறிஞர் ஒட்டோ ஜெஸ்பர்சன்.

முன்கூறிய வாக்கியத்தை முழுவதும் பிளந்து பார்ப்போம்.

‘நேற்றுச் சந்தையில் மாட்டை விற்றது கந்தையா.’
‘கந்தையா சந்தையில் மாட்டை விற்றது நேற்று.’
‘கந்தையா நேற்று மாட்டை விற்றது சந்தையில்.’
‘கந்தையா நேற்றுச் சந்தையில் விற்றது மாட்டை.’

நான்கினுள்ளும் வினை ‘விற்றது’ என்ற ஒரே வடிவில் நிற்கிறது. பிளந்து இறுதிக்குக் கொண்டுசெல்லப்பட்ட சொல், முதல் வாக்கியத்தில் தான் ஏற்றிருந்த வேற்றுமை உருபை உடன் கொண்டே செல்கிறது. ‘சந்தையில்’ என்பது ‘சந்தை’ ஆகிவிடவில்லை. ‘மாட்டை’ என்பதும் ‘மாடு’ ஆக வேண்டியதில்லை. ‘அவன் பணத்தைக் கொடுத்தது தம்பிக்கு’ என்போமேயன்றி, ‘கொடுத்தது தம்பி’ என்று சொன்னால் தம்பியே கொடுத்தவனாகிவிடுவான்.

இந்த இடத்திலேதான் என் மாணாக்கனுக்குரிய விடை இருக்கிறது. ‘விற்றது’ என்னும் சொல் தமிழில் இருவேறு பெயராகும். விற்கப்பட்ட பொருளைக் குறிக்கும்போது அது வினையாலணையும் பெயர். விற்றமையாகிய செயலைக் குறிக்கும்போது அது தொழிற்பெயர். ‘கந்தையா விற்றது நல்ல மாடு’ என்றால் விற்ற பொருள் நல்ல மாடு என்பது கருத்து. ‘கந்தையா மாட்டை விற்றது எனக்குத் தெரியாது’ என்றால் விற்ற செயல் எனக்குத் தெரியாது என்பது கருத்து. இவை வடிவில் ஒன்றாயினும் பிரித்தறிவதற்கு எளிய வழியொன்று உண்டு. பன்மையாக்கிப் பாருங்கள். ‘கந்தையா விற்றவை இரண்டு மாடுகள்’ என்று சொல்லலாம். ‘கந்தையா விற்றவை இரண்டு மாடுகளை’ என்று யாரும் சொல்லார். ‘கந்தையா விற்றது இரண்டு மாடுகளை’ என்றே சொல்வர். மாடு இரண்டானாலும் விற்பனை என்னும் செயல் ஒன்றாகவே நிற்பதால் ‘விற்றது’ பன்மை பெறவில்லை. ஆகவே உருபோடு கூடிய சொல் இறுதியில் நிற்கும் பிளவு வாக்கியத்தில் உள்ள ‘விற்றது’ தொழிற்பெயரேயன்றிப் பொருளைச் சுட்டும் பெயரன்று.

இதனை ‘முதலில் வந்தது என் பெரியப்பா’ என்பதனோடு பொருத்துக. ‘வந்தது’ என்பது பெரியப்பாவைச் சுட்டவில்லை, வருகையைச் சுட்டுகிறது. ‘பெரியப்பா முதலில் வந்தது எல்லாருக்கும் மகிழ்ச்சி’ என்று எழுதினால் அதிலே திணை வழு உண்டென்று எந்த ஆசிரியரும் கோடிடார். அதே ‘வந்தது’தான் இதுவும். பெரியப்பாவும் பெரியம்மாவும் சேர்ந்து வந்திருந்தாலும் ‘முதலில் வந்தது பெரியப்பாவும் பெரியம்மாவும்’ என்றே ஒருமையில் நின்றிருக்கும். செயல் அஃறிணையாதலின் சொல்லும் அஃறிணை. பெரியப்பாவுக்கு அதனால் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. மாறாக, ‘முதலில் வந்தவர் என் பெரியப்பா’ என்று எழுதினால் ‘வந்தவர்’ என்பது ஆளையே சுட்டும் வினையாலணையும் பெயர். அங்கே திணையும் பாலும் ஒத்திருத்தல் வேண்டும். ‘வந்தவர்’ என்பதை ‘வந்தது’ என்று மயங்கக்கூடாது. இரண்டும் நல்ல தமிழே. ஆளை அறிமுகஞ் செய்யும்போது பின்னது சிறக்கும். நிகழ்ந்ததொன்றைக் கூறி அதனைச் செய்தவரைத் தெரிவிக்கும்போது முன்னது சிறக்கும்.

அயல் மொழிகளும் இதற்குச் சான்று பகரும். மலையாளத்தில் ‘ராமனாணு வந்நது’ என்பது மிக இயல்பான வாக்கியம். அங்கே குவியமான சொல்லோடு ‘ஆணு’ என்பது சேர, வினை ‘வந்நது’ என்று நமது ‘வந்தது’ போலவே நிற்கிறது. வந்தவன் ஆணா பெண்ணா, ஒருவனா பலரா என்பது அதனைப் பாதிப்பதில்லை. ‘வந்தது யார்?’ என்பதற்கு ‘ஆராணு வந்நது?’ என்பதே அவர்களுடைய பொது வினா. இன்னும் வியப்பானது நம் அயலிலுள்ள சிங்களம். ‘நான் நேற்றுக் கொழும்புக்குப் போனேன்’ என்பதைப் பேச்சுச் சிங்களத்தில் ‘மம ஈயே கொளம்ப கியா’ என்பர். ‘நான் கொழும்புக்குப் போனது நேற்று’ என்பதற்கு ‘மம கொளம்ப கியே ஈயே’ என்பர். ‘கியா’ என்ற வினைமுற்று ‘கியே’ ஆகிவிட்டது. ஈற்றிலுள்ள ஆகாரம் ஏகாரமாகும் இந்த ஒரு மாற்றமே, புதுச்செய்தி வினையில் இல்லை, வேறொரு சொல்லில் இருக்கிறது என்று கேட்பவனுக்கு அறிவித்துவிடுகிறது. நமது ‘தான்’ செய்யும் வேலையைச் செய்யும் ‘தமயி’ என்னும் சொல்லும் அவர்களிடம் உண்டு. ‘மம தமயி கியே’ என்றால் ‘நான்தான் போனது’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நேராக அமையும். இரண்டு மொழியும் வெவ்வேறு குடும்பத்தின. ஆயினும் இந்தத் தீவில் நெடுங்காலம் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தவை.

இனி இடைச்சொற்களுக்கு வருவோம். பிளவாமலே ஒரு சொல்லைக் குவியமாக்க நமக்குள்ள கருவிகளுள் இன்று முதலிடம் ‘தான்’ என்பதற்கே. ‘கந்தையாதான் மாட்டை விற்றான்’ என்றால் வேறெவனும் விற்கவில்லை என்பது உடன்வரும். பண்டு இத்தொழிலைப் பெரும்பாலும் செய்தது ஏகாரம். தொல்காப்பியர் ஏகாரத்துக்குக் கூறிய ஐந்து பொருளுள்ளும், நன்னூலார் கூறிய ஆறு பொருளுள்ளும் தேற்றமும் பிரிநிலையும் உள்ளன. தேற்றமென்பது ஐயமின்றித் துணிதல். பிரிநிலை என்பது பலவற்றினின்றும் ஒன்றைப் பிரித்தெடுத்தல். குவியம் என்று இன்று சொல்வதன் இரு கூறுகளையும் அவர்கள் அன்றே பெயரிட்டு வைத்திருக்கிறார்கள் என்பதை மாணாக்கர் கவனித்தல் வேண்டும். இன்று பேச்சில் ஏகாரத்தின் பொருள் சற்றுச் சாய்ந்திருக்கிறது. ‘கந்தையாவே மாட்டை விற்றான்’ என்று கேட்டால், மாட்டைப் பிள்ளைபோல வளர்த்த அவனா விற்றான் என்ற வியப்போ, தரகரை வையாமல் தானே விற்றான் என்ற கருத்தோ தோன்றுகிறது. வெறும் பிரிநிலைக்கு இன்று ‘தான்’ போதும். ஏகாரம் வந்தால் அதற்கு மேலும் ஒன்று எதிர்பார்க்கப்படுகிறது. பழைய நூலை வாசிக்கும் மாணாக்கன் இந்த வேற்றுமையை மறந்தால், இல்லாத வியப்பை அங்கே புகுத்திப் படித்துவிடுவான்.

பேசுபொருளைக் காட்டுதற்கும் இடைச்சொல் உண்டு. ‘மாட்டையோ விற்றுவிட்டான், கன்றையோ விற்க மனம் வரவில்லை’ என்னும்போது ஓகாரம், பேச்சை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் திருப்புகிறது. ஓகாரம் பெற்ற சொல் இங்கே குவியமன்று. குவியம் பின்னே வினையில் இருக்கிறது. ‘தான்’ பெற்ற சொல்லில் வாக்கியம் முடிவெய்துகிறது. இத்தகைய ஓகாரம் பெற்ற சொல்லிலே தொடங்குகிறது எனலாம்.

பிளவு வாக்கியத்தோடு சேராத இடைச்சொல்லும் ஒன்று உண்டு. அதனை அறிந்தால் பிளவின் இயல்பு நன்கு விளங்கும். ‘கந்தையாவும் மாட்டை விற்றான்’ என்பது நல்ல வாக்கியம். முன்னே வேறொருவன் விற்றிருக்கிறான், இவனும் விற்றான் என்பது கருத்து. ‘மாட்டை விற்றது கந்தையாவும்’ என்று பிளந்து பாருங்கள், நாவிலே இடறுகிறது. முன்னே ‘வந்தது பெரியப்பாவும் பெரியம்மாவும்’ என்று எழுதினோமே, அது இடறவில்லையே என்று ஒருவர் வினவலாம். அங்கே வந்தது எண்ணும்மை. இருவரையும் சேர்த்து எண்ணி, இவ்விருவரே என்று முடித்துவிடுகிறது. இங்கே வந்தது எச்சவும்மை; சொல்லாமல் விட்ட வேறொருவனை உள்ளே அழைக்கிறது. பிளவு வாக்கியமோ, கேட்ட வினாவுக்கு விடை இவ்வளவே என்று கதவைச் சாத்துவது. ஒரு கை கதவைச் சாத்த, மறு கை திறந்தால் வாக்கியம் எப்படி நிற்கும்? உம்மைக்கு எட்டுப் பொருள் என்று மனனஞ் செய்யும் மாணாக்கர், அவற்றுள் இவ்விரண்டும் வேறுவேறு என்பதற்கு இதனினும் தெளிவான சோதனையைக் காண்பது அரிது.

வினையையே குவியமாக்க விரும்பினால் பிளவு உதவாது. பிளந்தபின் வினை தெரிந்த பகுதியிற் போய் அடங்கிவிடும். ‘விற்கத்தான் செய்தான்’, ‘விற்றேவிட்டான்’ என்று வேறு வழிகளை அங்கே கையாள்கிறோம்.

எதிர்மறையிலே பிளவின் விளைவு இன்னும் கூர்மையானது. ‘கந்தையா மாட்டை விற்கவில்லை’ என்றால் மாடு விற்கப்பட்டதா இல்லையா என்பது திறந்தே கிடக்கிறது. ‘மாட்டை விற்றது கந்தையா அல்லன்’ என்றாலோ மாடு விற்கப்பட்டதென்பது உறுதியாகிவிட்டது. விற்றவன் யார் என்பது மட்டுமே மறுக்கப்படுகிறது. அதாவது, தொழிற்பெயருக்குள் அடைத்து வைத்த செய்தியை ‘அல்லன்’ என்பது தொடுவதில்லை. (‘விற்றது நேற்று’ என்பதை மறுக்குமிடத்து மரபுப்படி ஒருமைக்குரிய ‘அன்று’ வருதல் வேண்டும், ஆயினும் ‘நேற்று அன்று’ என்பது காலப்பெயரோடு மயங்குவதால் பலரும் அங்கே ‘அல்ல’ என்று எழுதுகிறார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வருவதில்லை.)

இந்த அடைப்பு விளையாட்டன்று. களவுபோன மாட்டைப் பற்றி ஒருவனை விசாரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘நீ மாட்டை அவிழ்த்தாயா?’ என்ற வினாவுக்கு ‘இல்லை’ என்று சொன்னால் அவன் தப்பினான். ‘நீ மாட்டை அவிழ்த்தது வெள்ளிக்கிழமை இரவா?’ என்று கேட்டால் நிலைமை வேறு. ‘வெள்ளிக்கிழமை அல்ல’ என்று அவன் அவசரத்திற் சொல்லிவிட்டால், அவிழ்த்ததை ஒப்புக்கொண்டு கிழமையை மட்டும் மறுத்தவனாகிறான். வினாவை அமைத்தவர் ‘அவிழ்த்தது’ என்ற தொழிற்பெயருக்குள் குற்றத்தை முன்பே வைத்துப் பூட்டிவிட்டார். அந்த வினாவுக்குத் தகுந்த விடை, கிழமையைத் தொடாமல், ‘நான் அவிழ்க்கவேயில்லை’ என்று பிளவைக் குலைத்துச் சொல்வதே. நம் பழைய மாணவர்களுள் நியாயவாதிகள் பலர் உளர். அவர்களுக்கு இது புதிதன்று. ஆனால் சாட்சிக் கூண்டில் நிற்பவனுக்கு அது இலக்கணம் என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. அறிவித்தலும் இவ்வாறே. ‘கூட்டம் நடைபெறுவது மண்டபத்தில்’ என்று எழுதினால், கூட்டம் உண்டென்பது எல்லாருக்கும் தெரியும் என்று கொண்டு எழுதியதாகும்; முதன்முறை அறிவிப்பவர் ‘மண்டபத்திற் கூட்டம் நடைபெறும்’ என்றே எழுதல் வேண்டும்.

மொழிபெயர்ப்பிலே மாணாக்கர் படும் இடர்ப்பாட்டையும் ஒன்று சொல்லவேண்டும். ஆங்கிலத்தில் இத்தகைய பிளவு, ‘அது’ என்று பொருள்படும் வெற்றுச் சொல்லொன்றோடு தொடங்கும். அதனை அப்படியே பெயர்த்து ‘அது கந்தையாவாக இருந்தது மாட்டை விற்றது’ என்று எழுதுபவரைக் கண்டிருக்கிறேன். தமிழில் அந்த ‘அது’ வாக்கியத்தின் முன்னே தனியே நிற்பதில்லை; வினையின் இறுதியிலே, ‘விற்றது’ என்பதற்குள்ளேயே கலந்திருக்கிறது. வெளியே தேடிப் போக வேண்டியதில்லை.

இறுதியாக, நம் யாழ்ப்பாணத்துப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை. ‘நீங்கள் எப்ப வந்தனீங்கள்?’ என்று நாம் கேட்கிறோம். ‘நேற்றுத்தான் வந்தனான்’ என்று விடை வருகிறது. வந்தனான், வந்தனாங்கள், வந்தனீ, வந்தனீங்கள், வந்தவன், வந்தவள், வந்தவர் என்று இவ்வடிவங்கள் இடத்துக்கும் பாலுக்கும் ஏற்ப மாறும். ‘வந்த நான்’, ‘வந்த நீ’ என்பன இணைந்து அமைந்தவை போலத் தோன்றும் இவற்றைக் கொச்சை என்று சிலர் இகழ்வர். இவற்றோடு ‘வந்தன்’ என்பதும் நம் பேச்சில் உண்டு. அது ‘வந்தேன்’ என்பதற்கு நேர். ‘நீ என்ன செய்தனீ?’ என்று கேட்கும்போதும், ‘ஆர் சொன்னவை?’ என்று கேட்கும்போதும் செயல் நிகழ்ந்தது தெரிந்ததே. எது, யார் என்பதே வினா. அப்படிப்பட்ட இடத்திலே நம் நாவு தானாகவே வினைமுற்றை விட்டுப் பெயரின் வடிவை நாடுகிறது. சிங்களத்தின் ‘கியே’யும் மலையாளத்தின் ‘வந்நது’ம் செய்யும் தொழிலையே நமது ‘வந்தனான்’ செய்கிறது. அவை திணை பால் இடம் பாராதன, இதுவோ அவற்றைப் பார்த்து நிற்பது என்பதே வேறுபாடு.

ஆயின் இவ்வடிவம் குவியத்துக்கு மட்டுமே உரியதென்று கொள்ளுதல் தவறு. ‘மாமா வந்தவர்’ என்று வீட்டிற் சொன்னால், வந்து போய்விட்டார் என்பது கருத்து. வந்து இப்போது திண்ணையில் இருக்கிறாரானால் ‘மாமா வந்திட்டார்’ என்றே சொல்வோம். அங்கே ‘வந்தவர்’ வேறொரு வேலையைச் செய்கிறது. இவ்விரண்டு வேலைகளும் எவ்வாறு ஒரே வடிவில் வந்து சேர்ந்தன என்பது தனியே ஆராய்வதற்குரியது. பிள்ளைகள் எவராவது தம் பாட்டியின் பேச்சை ஒரு கொப்பியில் எழுதி, ‘வந்தன்’ வந்த இடங்களையும் ‘வந்தனான்’ வந்த இடங்களையும், அவற்றுக்கு முன்னே கேட்கப்பட்ட வினாவோடு சேர்த்துக் குறித்து வந்தால், அது நல்ல தொடக்கமாகும். வினாவைக் குறியாமல் விடையை மட்டும் எழுதினால் பயனில்லை.

அந்த மாணாக்கனை அடுத்த நாள் அழைத்து, அவன் கொப்பியிலிருந்த சிவப்புக் கோட்டை யானே வெட்டி, ‘சரி’ என்று எழுதி, குறைத்த புள்ளியையும் திரும்ப இட்டேன். “அப்படியானால் நீங்கள் எழுதிய ‘வந்தவர்’ பிழையா ஐயா?” என்று கேட்டான். அதுவும் சரியென்று சொன்னேன். அவன் முகத்தில் நம்பிக்கை தோன்றவில்லை.